தட்டோரம் கால் கொய்யா

இந்திய அரசின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஹைதராபாத்தில் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் அரசு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் 16 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 13 முதல் 15 வரை. ஒரு நாள் வழக்கமான சோற்றுச் சாப்பாடு போட்டார்கள். இன்னொரு நாள் அதே சாப்பாட்டோடு 100 கிராம் கொய்யாப்பழம் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டிலும் இரும்பின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். சாப்பாட்டில் இரும்பு-57 என்ற, உடம்புக்குத் தீங்கு செய்யாத, அடையாளம் காணக்கூடிய இரும்பைக் கலந்திருந்தார்கள். பிறகு ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அந்த இரும்பில் எத்தனை பங்கு உள்ளே போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வெறும் சோற்றுச் சாப்பாட்டில் பெண் பிள்ளைகளின் உடம்பு சராசரியாக 9.7 சதவீத இரும்பை எடுத்துக்கொண்டது. கொய்யா சேர்ந்தபோது 23.9 சதவீதம். ஆண் பிள்ளைகளுக்கு 8.6 என்பது 19.2 ஆனது. சமையலில் எதையும் மாற்றவில்லை. கீரையைக் கூட்டவில்லை, மாத்திரை கொடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு பழம் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ரத்த சோகை பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, வெல்லம் சேர்த்துக்கொள் என்று இரும்பு உள்ள பொருள்களின் பட்டியலைத்தான் சொல்கிறோம். தட்டில் இருக்கிற இரும்பு ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரையும் பருப்பும் தெரியாத ஊரில்லை இது. அதனால்தான் பட்டியலை விட்டுவிட்டு, தட்டுக்கும் ரத்தத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீமோகுளோபினின் கருவோடு ஒட்டியே இருக்கும். குடல் அதை அப்படியே முழுதாக வாங்கிக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்புக்கு அந்தச் சலுகை இல்லை. அது பெரும்பாலும் துருவில் இருக்கிற அதே வடிவத்தில் இருக்கிறது. வேதியியலில் இதை ஃபெரிக் என்பார்கள். குடல் சுவரில் உள்ள வாசல் ஃபெரஸ் என்ற இன்னொரு வடிவத்தைத்தான் உள்ளே விடும். அதனால் முதலில் வடிவம் மாற வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை வேறு இருக்கிறது. பருப்பு, பயறு, கேழ்வரகு, கம்பு, முழுத் தானியம் எல்லாவற்றிலும் பைட்டேட் என்றொரு பொருள் உண்டு. விதை தன் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. டீயிலும் காபியிலும் கேழ்வரகின் செந்நிறத் தோலிலும் பாலிஃபீனால்கள் இருக்கின்றன. நாக்கில் துவர்ப்பாகத் தெரிவது பெரும்பாலும் இவைதான். பைட்டேட்டும் பாலிஃபீனாலும் இரும்பைக் கண்டால் விடாமல் கட்டிக்கொள்ளும். வயிற்றில் அமிலம் இருக்கும்வரை இரும்பு கரைந்து கிடக்கும். சிறுகுடலுக்குள் நுழைந்ததும் அமிலம் குறைகிறது. அங்கே இந்தக் கட்டு இறுகி, கரையாத துகளாகி, இரும்பு அப்படியே மலத்தோடு வெளியேறிவிடுகிறது.

வைட்டமின் சி செய்கிற வேலை இரண்டு. ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றுகிறது. வயிற்றிலேயே இரும்போடு சேர்ந்து, குடலில் அமிலம் குறைந்தாலும் பிரியாத, கரைந்தே இருக்கிற ஒரு கூட்டாகவும் ஆகிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் யாராவது இழுத்துப் போவதற்கு முன்னால் தாய் பிள்ளையின் கையை முந்திப் பிடித்துக்கொள்கிற மாதிரி, பைட்டேட் பிடிப்பதற்குள் இது பிடித்துவிட வேண்டும். இங்கேதான் ‘எப்போது’ என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. இரும்பும் வைட்டமின் சி-யும் ஒரே நேரத்தில் வயிற்றில் இருந்தால்தான் இது நடக்கும். காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு மதியம் கீரை சாப்பிட்டால், அந்தத் தண்ணீருக்கும் கீரைக்கும் சம்பந்தமே இல்லை. சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது வாசலில் வாங்கித் தின்கிற கொய்யாவும் அப்படித்தான். பழமாக நல்லது. மதியம் சாப்பிட்ட சாம்பார்ப் பருப்பின் இரும்பை அது திரும்பப் போய்ப் பிடிக்காது.

எலுமிச்சையும் கொய்யாவும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிற பெயர்கள். இரண்டிலும் வைட்டமின் சி இருக்கிறது என்பதும் சரிதான். ஆனால் எவ்வளவு என்று பார்த்தால் இரண்டும் ஒரே வரிசையில் நிற்க முடியாது. நம் கடைகளில் கிடைக்கும் சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சையைப் பிழிந்தால் 15 முதல் 20 மில்லி சாறு வரும். அதில் ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கும். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. வெள்ளைச் சதையானாலும் சிவப்புச் சதையானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நடுத்தரக் கொய்யா, இருபதுக்கும் மேற்பட்ட எலுமிச்சைக்குச் சமம்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டில் உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் இரும்புக்கும் சுமார் 6 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். பைட்டேட்டும் பாலிஃபீனாலும் அதிகமுள்ள சாப்பாடாக இருந்தால் அதைப் போல இரு மடங்கு, அதாவது 12 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும்.

இதை ஒரு மதியச் சாப்பாட்டில் வைத்துப் பார்க்கலாம். 100 கிராம் அரிசி வடித்த சோறு. 20 கிராம் துவரம்பருப்பு போட்ட சாம்பார். உருவிய இலை 50 கிராம் அளவுக்கு முருங்கைக்கீரைப் பொரியல். அரிசியில் இரும்பு சொற்பம், முக்கால் மில்லிகிராம்கூட இராது. பருப்பில் அதே அளவு. கீரையில் இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். சில்லறையையும் சேர்த்தால் 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இதில் 5 சதவீதம் உள்ளே போனால் கிடைப்பது 0.2 மில்லிகிராம். மாதவிடாய் வருகிற வயதில் உள்ள ஒரு பெண்ணின் உடம்பு ஒவ்வொரு நாளும் இழப்பது சராசரியாக ஒன்றரை மில்லிகிராம். உதிரப்போக்கு அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் கூடும். மூன்று வேளையும் இப்படிச் சாப்பிட்டாலும் கணக்கு இடிக்கிறது. இங்கே உறிஞ்சும் அளவு இரு மடங்கானால் அது சின்ன விஷயம் இல்லை.

இந்தச் சாப்பாட்டுக்கு, பருப்பும் கீரையும் இருப்பதால் மேல் கணக்கையே எடுத்துக்கொண்டால், சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். கொய்யாவாக இருந்தால் 25 கிராம் போதும். நூறு கிராம் பழத்தை நான்காக வகுந்தால் ஒரு துண்டு. எலுமிச்சையாக இருந்தால் ஆறு, ஏழு பழத்தின் சாறு. நாலு பேர் சாப்பிடுகிற கீரையில் அரைமூடி பிழிந்துவிட்டு ‘எலுமிச்சை சேர்த்துவிட்டோம்’ என்று நினைத்தால், ஒருவர் பங்குக்கு வருவது ஒரு மில்லிகிராம் மாத்திரமே. ருசிக்கு அது போதும், இரும்புக்குப் போதாது.

எலுமிச்சையை ஒதுக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மெக்சிகோவின் கிராமத்துப் பெண்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் இதை அழகாகக் காட்டுகின்றன. அவர்களுடைய சாப்பாடு சோள ரொட்டியும் அவரை வகைகளும். பைட்டேட் மலிந்த சாப்பாடு. முதல் ஆய்வில், இரும்புக் குறைபாடு இருந்த பெண்களுக்கு நாளில் இரண்டு வேளை சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்த பானம் கொடுத்தார்கள். வேளைக்கு 25 மில்லிகிராம் வைட்டமின் சி வருகிற மாதிரி அளந்த பானம். நம் எலுமிச்சைக் கணக்கில் அது மூன்று பழம். இரும்பு உறிஞ்சும் அளவு 6.6 சதவீதத்திலிருந்து 22.9 ஆக ஏறியது. ஆகவே எலுமிச்சை வேலை செய்கிறது, சாறு அளவாக இருந்தால்.

இரண்டாவது ஆய்வின் கதை வேறு. அதே பானத்தை, அதே அளவில், வாரத்தில் ஆறு நாள், இரண்டு வேளை என்று எட்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் அந்தப் பெண்களின் இரும்பு நிலையில் முன்னேற்றம் இல்லை. இரண்டு முடிவும் 2003-ல் வெளிவந்தவை. முதல் ஆய்வை மட்டும் படித்துவிட்டு ‘எலுமிச்சை மூன்று மடங்கு இரும்பு தரும்’ என்று எழுதுவது எளிது. அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். இரண்டாவதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டில் நடப்பது, மாதக்கணக்கில் உடம்பில் நடப்பதோடு அப்படியே ஒத்துப்போவதில்லை.

அப்படியானால் கொய்யா? ஹரியானாவில் 6 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்குப் பாசிப்பருப்புச் சாப்பாட்டோடு கொய்யாவைத் தொடர்ந்து கொடுத்த ஒரு சோதனை 2019-ல் வெளியானது. கொய்யா பெற்ற குழந்தைகளின் ஹீமோகுளோபின் கூடியது, ரத்த சோகை குறைந்தது. ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பு கூடவில்லை. கிடைத்த இரும்பு ரத்தம் ஊறுவதற்குப் பயன்பட்டது, மிச்சம் பிடிக்கிற அளவுக்கு வரவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். எலுமிச்சையில் காணாததைக் கொய்யாவில் கண்டதற்கு அளவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஊரும் வேறு, வயதும் வேறு, சாப்பாடும் வேறு என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இனி அடுப்படிக்கு வருவோம். வைட்டமின் சி சூட்டில் அழியும், காற்றுப்பட்டால் அழியும், தண்ணீரில் கரைந்து போகும். முருங்கைக்கீரையிலேயே வைட்டமின் சி நிறைய இருக்கிறதே, அதற்கு எதற்குக் கொய்யா என்று கேட்பவர்கள் உண்டு. பச்சை இலையில் இருப்பது உண்மை. அரைமணி நேரம் வேகவிட்டு, வடித்த தண்ணீரையும் கொட்டிவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். ரசம் வைக்கும்போது எலுமிச்சையை எப்போது பிழிகிறோம் என்று பாருங்கள். நுரை கட்டி, அடுப்பை அணைத்து, இறக்கி வைத்த பிறகுதான். கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ருசிக்காக வந்த அந்தப் பழக்கம் வைட்டமினுக்கும் நல்லதாகவே அமைந்துவிட்டது. எலுமிச்சைச் சோறும் அதே மாதிரி, தாளிதம் ஆறியபின் சாறு விட்டுக் கிளறுவது நல்லது. ஆனால் காலை ஆறு மணிக்குக் கிளறி, டப்பாவில் அடைத்து, மதியம் ஒரு மணிக்குத் திறக்கும்போது கொஞ்சம் இழந்துதான் இருக்கும். அந்த டப்பாவில் அரைமூடி எலுமிச்சையைத் தனியாக வைத்துக் கொடுத்து, சாப்பிடும்போது பிழிந்துகொள்ளச் சொன்னால் இன்னும் மேல். ஊறுகாய் எலுமிச்சையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெயிலில் காய்ந்து, மாதக்கணக்கில் ஜாடியில் கிடந்ததில் உப்புதான் மிஞ்சும்.

கொய்யாவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அதைச் சமைப்பதே இல்லையே. திண்டுக்கல் பக்கம் ஆயக்குடியிலிருந்து லாரியில் வந்து இறங்கிய பழத்தைத் தள்ளுவண்டிக்காரர் எப்படி வெட்டுகிறார் என்று கவனித்திருப்பீர்கள். காம்புப் பக்கம் அறுபடாமல் நான்காகக் கீறி, பூவாக விரித்து, உள்ளே மிளகாய்த்தூள் உப்பைத் தடவிக் கையில் கொடுப்பார். தோல் சீவுவதில்லை. அதுவே சரி. வைட்டமின் சி தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் செறிந்திருக்கிறது. நன்கு கழுவித் தோலோடு தின்ன வேண்டும். விதை கடிக்கச் சிரமப்படுகிற வயதானவர்கள் நடுச்சதையை வழித்துவிட்டு ஓரத்தை மட்டும் தின்றாலும் இழப்பு அதிகம் இல்லை. ஜூஸாக அடித்து வடிகட்டி வைத்தால் காற்றுப்பட்டுக் குறையும், சர்க்கரையும் சேரும். துண்டாகத் தின்பதே மேல்.

கொய்யாவைச் சாப்பாட்டுக்கு நடுவில் தின்ன வேண்டுமா என்றால், தேவையில்லை. சாப்பாட்டோடு வயிற்றில் கலந்தால் போதும். தட்டோரம் வைத்து இடையிடையே கடிக்கலாம், சாப்பிட்டு முடித்த கையோடும் தின்னலாம். ஹைதராபாத் சோதனையில் 100 கிராம் கொடுத்தார்கள். வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒரு பெரிய பழம் ஆளுக்குக் கால் பங்காகப் பகிர்ந்தாலும் மேலே போட்ட கணக்குக்குச் சரியாக வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘கொய்யா தின்றால் சளி பிடிக்கும்’ என்று மழைக்காலத்தில் குழந்தைகளுக்குத் தர மறுப்பவர்கள் பலர். சளி வைரஸால் வருகிறது. கொய்யா குவிந்து விலை இறங்கும் வாரங்களில் அதைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. கொய்யா கிடைக்காத நாளில் நெல்லிக்காய் இருக்கிறது. அதன் வைட்டமின் சி கொய்யாவுக்குக் குறைந்ததில்லை. பச்சையாகத் துருவித் தயிர் இல்லாமல் உப்பும் பச்சைமிளகாயும் போட்டுத் துவட்டிய சோற்றில் பிசைந்துகொள்ளலாம்.

எலுமிச்சை தன்னந்தனியாக இடத்தைப் பிடிக்கிற ஒரு பலகாரம் சுண்டல். ஒருவர் தின்கிற கிண்ணத்துக்கு 30 கிராம் கொண்டைக்கடலை என்றால் இரும்பு 2 மில்லிகிராம். கடலையை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பைட்டேட் ஓரளவு குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும், முளையில் கொஞ்சம் வைட்டமின் சி-யும் புதிதாக உண்டாகும். அந்தக் கிண்ணத்தில் ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்து, பச்சையாக நறுக்கிய தக்காளியும் கொத்தமல்லித் தழையும் தூவினால், எல்லாம் சேர்ந்து தேவையான அளவை நெருங்கிவிடும். இட்லி தோசை மாவும் இப்படித்தான், இரவெல்லாம் புளிக்கும்போது அதிலுள்ள பைட்டேட்டின் ஒரு பகுதி உடைகிறது. கேழ்வரகுக் கூழும் புளித்துத்தான் கூழாகிறது. ஆனால் கேழ்வரகில் துவர்ப்புச் சத்தும் கால்சியமும் அதிகம் என்பதால் அதன் இரும்பு சுலபத்தில் கிடைக்காது. கேழ்வரகு சாப்பிடுகிற வேளைக்குத்தான் கொய்யா மிகவும் தேவை.

இவ்வளவு செய்தும் கெடுத்துவிடக்கூடிய ஒன்று சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கிற டீயும் காபியும். 1983-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தால் இரும்பு உறிஞ்சுவது 39 சதவீதம் குறைந்தது, டீ குடித்தால் 64 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபியால் ஒரு பாதிப்பும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே கெடுத்தது. சாப்பாடு இன்னும் வயிற்றில் இருப்பதுதான் காரணம். ஆகவே சாப்பிடுவதற்கு முன்னால் குடியுங்கள். சாப்பிட்ட பின்னால் என்றால் இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

இது வீட்டில் யாரை அதிகம் பாதிக்கிறது என்று பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. காலையில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சமிருக்கிற இரண்டு இட்லியையும் ஆறிப்போன டீயையும் ஒன்றாக விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண்கள்தான் அதிகம். வேலை செய்கிற இடத்தில் பதினோரு மணிக்கு டீயும் பன்னும்தான் சாப்பாடு என்பவர்களும் உண்டு. வாங்கி வருகிற கொய்யாவும் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைக்கப்படும். ரத்தம் அதிகம் இழக்கிறவருக்கே கொய்யா கடைசியில்தான் கிடைக்கிறது. பழத்தைப் பங்கு போடும்போது அவருடைய துண்டை முதலில் எடுத்து வையுங்கள்.

தயிரும் மோரும் பாலும் தரும் கால்சியம் அதே வேளை இரும்பைக் கொஞ்சம் தடுக்கும் என்பதும் நிரூபணமானதுதான். அதற்காக மதியச் சாப்பாட்டிலிருந்து மோரை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் பார்த்தால் அதனால் இரும்பு நிலை பெரிதாகக் கெடுவதாகத் தெரியவில்லை. கால்சியம் மாத்திரையை மட்டும் இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போட வேண்டாம்.

இந்த முறையால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஹீமோகுளோபின் 10 கிராம் உள்ள ஒரு பெண். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். உடம்பில் ரத்தம் 4 லிட்டர் என்றால், அந்த 2 கிராம் இடைவெளியை நிரப்ப மொத்தம் 80 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக உண்டாக வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக, 270 மில்லிகிராம் இரும்பு அன்றாடச் செலவுக்கு மேல் கூடுதலாக உள்ளே போக வேண்டும். கொய்யாவும் எலுமிச்சையும் சேர்த்துச் சாப்பிட்டு நாளைக்கு 0.4 மில்லிகிராம் கூடுதலாகப் பெற்றால் இதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே நாளைக்கு 6 மில்லிகிராம். அதே இடைவெளி ஒன்றரை மாதத்தில் நிரம்பிவிடும்.

அதனால் ரத்த சோகை வந்துவிட்டவருக்கு மருந்து மாத்திரைதான். கொய்யாவைக் காட்டி மாத்திரையை நிறுத்தக் கூடாது, கர்ப்ப காலத்தில் நிறுத்தவே கூடாது. மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு குடித்தே ஆக வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். ஷாங்காயில் 440 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி மாத்திரை சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறியதில் வித்தியாசம் இல்லை. மாத்திரையில் இரும்பு ஏற்கெனவே ஃபெரஸ் வடிவத்தில், ஏராளமாக இருக்கிறது. அதை வெறும் தண்ணீரில் விழுங்கலாம். டீயில் மட்டும் விழுங்காதீர்கள்.

சாப்பாட்டில் பழம் சேர்ப்பதன் இடம் மாத்திரைக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. எல்லையில் நிற்பவர் கீழே சரியாமல் இருக்க, மாத்திரையால் ஏறியவர் மறுபடி இறங்காமல் இருக்க, பருவமடையும் வயதில் உள்ள பெண் பிள்ளை குறைபாட்டில் விழாமல் இருக்க அது உதவும். ஹைதராபாத் சோதனையில் இருந்த பிள்ளைகளும் பெரிய ரத்த சோகை இல்லாதவர்களே. இரும்பு போதுமான அளவு இருப்பவருக்கு இதனால் அளவு மீறி ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. சேமிப்பு நிறைந்திருந்தால் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடல் வாசலை மூடிவிடும். அதே ஹார்மோன் காய்ச்சலிலும் தொற்றிலும்கூட அதிகமாகும் என்பதால், உடம்பு சரியில்லாத வாரங்களில் என்ன சாப்பிட்டாலும் இரும்பு ஏறாது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிற தலசீமியா நோயாளிகள், உடம்பில் இரும்பு தேங்குகிற பிறவிக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்கள் எலுமிச்சையைவிடக் கொய்யாவைத் தேர்ந்துகொள்ளலாம்.

பலன் தெரிகிறதா என்பதை முகத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் ஒரு முறை ஹீமோகுளோபினும், முடிந்தால் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபெரிட்டின் என்பது சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் பரிசோதனை. பெரியவர்களுக்கு அது 15-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்று பொருள். காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். சாப்பாட்டைத் திருத்தி, மாத்திரையும் ஒழுங்காகப் போட்டு, அப்போதும் ஏறவில்லை என்றால் காரணம் தட்டில் இல்லை. மாதவிடாயில் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, மூலம், வயிற்றுப்புண், கொக்கிப்புழு, பி12 குறைபாடு, அறிகுறி இல்லாமல் உடம்பில் இருக்கிற தலசீமியா மரபு ஆகியவற்றில் எது என்று மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டும்.